கணவர் கனடாவில் குடியேற ஆசைப்படுகிறார், நான் போகவா வேண்டாமா? செட்டிநாட்டிலிருந்து சில கேள்வி பதில்கள்

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் கைக்குள் நிற்காது. அதனால் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். வள்ளிக்கு வயது 31. காரைக்குடிக்குப் பக்கத்தில் அவள் அப்பச்சி, அதாவது அப்பா, தொடங்கிய ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவள் கணவர் முத்துவுக்கு 33, சென்னையில் மென்பொருள் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வந்து போகிறார். கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து டொராண்டோவில் குடியேற வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. பிள்ளை இன்னும் இல்லை. வள்ளி ஒரே மகள். அப்பச்சிக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. ஆத்தாவுக்கு முழங்கால் வலி. வள்ளியின் இடத்தில் இருக்கும் பெண்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை.

"அவர் எங்கே போகிறாரோ அங்கே கூடப் போவதுதானே மனைவியின் கடமை?"

நம் ஊரைப் பொறுத்தவரை அப்படி ஒரு பழக்கமே இருந்ததில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் நம் நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், ஆண்கள் போனார்கள், பெண்கள் வீட்டில் இருந்தார்கள். கடைப் பொறுப்பாளரான மேலாளாகப் போனாலும் அவருக்கு உதவும் அடுத்தாளாகப் போனாலும் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போனாலும் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள். இங்கே அவ்வளவு பெரிய வீட்டையும் நிலத்தையும் வரவு செலவையும் ஆச்சிமார்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாழ்க்கை சுகமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தன் வாழ்நாளில் பாதியைக் கடிதத்துக்காகக் காத்திருந்தே கழித்ததாக என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடப் போவது தொன்றுதொட்டு வந்த கடமை என்று யாராவது சொன்னால் அது நம் ஊர் வரலாறு இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கடமை என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். நிலைமையை அப்படியே திருப்பிப் போடுங்கள். வள்ளிக்கு வெளிநாட்டில் நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது, முத்துதான் இங்கே பட்டறை நடத்துகிறார், முத்துவின் பெற்றோருக்குத்தான் அவர் ஒரே மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் பட்டறையை விட்டுவிட்டு வருவாரா? இதை நீங்களே மனதுக்குள் ஊகித்துக்கொள்ள வேண்டாம், அவரிடமே கேளுங்கள். "வருவேன், ஆனால் இன்னின்ன ஏற்பாடு வேண்டும்" என்று அவர் சொன்னால், அதே ஏற்பாடுகளைத்தான் நீங்களும் கேட்கப் போகிறீர்கள். "அது வேற, இது வேற" என்று சொன்னால், அவர் உங்களிடம் கேட்கிற தியாகத்தைத் தான் செய்யத் தயாரில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது ஒன்று, தெரியாமல் விமானம் ஏறுவது வேறு.

"அவர் செட்டில் ஆகணும்னு சொல்றார். அதற்கு அப்புறம் திரும்பவே முடியாதா?"

'செட்டில்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கதவுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் சாத்துவதில்லை. பல வீடுகளில் சண்டை வருவதே இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான்.

முதல் கதவு நிரந்தர வசிப்புரிமை. 'பிஆர்' என்று சொல்கிறார்களே, அது. முத்து முதன்மை விண்ணப்பதாரர் என்றால் வள்ளியை அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். கிடைத்துவிட்டால் வள்ளியும் அங்கே எந்த வேலையும் செய்யலாம், தொழிலும் தொடங்கலாம். சில நாடுகளில் துணைவர் விசாவில் போகிறவர்களுக்கு வேலை உரிமை கிடையாது. சிங்கப்பூரில்கூட 2021 மே மாதத்திலிருந்து, சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவர் பெரும்பாலும் வேலைக்கென்று தனி அனுமதி வாங்கித்தான் வேலை செய்ய முடியும். கனடா பிஆரில் அந்தச் சிக்கல் இல்லை. பிஆர் வாங்குவதால் இந்தியக் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது, திரும்பி வரலாம்.

இரண்டாவது கதவு கனடாக் குடியுரிமை. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் 1,095 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். இதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஏனென்றால் நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கி இங்கே வந்து போகலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. அப்பச்சி வழி வருகிற நிலத்தை வாரிசாகப் பெற முடியும்.

மூன்றாவது கதவு எந்தச் சட்டத்திலும் இல்லாதது. இங்கே இருப்பதை விற்பது. பட்டறையை விற்றுவிட்டு, வீட்டுப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை அங்கே வீட்டுக்கு முன்பணமாகப் போடுவது. மூன்றில் உண்மையாகவே திரும்ப முடியாத கதவு இதுதான். மூலதனத்தை எல்லாம் ஒரே கரையில் வைத்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பார்த்தாலே தெரியும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல், கீழ் பர்மாவில் ஏராளமான நெல்வயல்கள் நம்மவர் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பான்காரர் வந்ததும் உயிர் தப்ப நடந்தே வந்தவர்கள் உண்டு. விட்டுவந்த நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. கனடா பர்மா ஆகாது. ஆனாலும் வேலை போகும், உடம்பு கெடும், மனம் மாறும். திரும்பி வர இங்கே ஓர் இடம் இருப்பது அதற்குத்தான்.

அதனால் முத்துவிடம் "போகலாமா வேண்டாமா" என்று பேசாமல், "முதல் கதவுக்குச் சரி, இரண்டாவதை ஐந்தாவது வருடம் பேசலாம், மூன்றாவது இப்போது வேண்டாம்" என்று பேசிப் பாருங்கள். அவருடைய ஆசை எந்தக் கதவில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். சிலருக்கு அங்கே ஒரு வேலை செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிலர் ஊரை விட்டே வெளியேற நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மனது.

"பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே இருக்க முடியாதா?"

முடியும், கணக்குப் போட்டுச் செய்தால். பிஆர் தங்க, ஐந்து வருடத்தில் 730 நாட்கள் கனடாவில் இருந்தால் போதும். வருடத்துக்குச் சராசரி 146 நாள்.

ஆனால் வெறும் 146ஐ நம்பிப் போகக் கூடாது. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் அரசு மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் அதில் 153 நாட்கள் அந்த மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் என்று வாய்க்கணக்காக 150 நாள் இருந்துவிட்டு வந்தால் பிஆர் தங்கும், மருத்துவ அட்டை போய்விடலாம். அங்கே காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன செலவாகும் என்று போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வள்ளிக்கு ஒரு வருடத்தைப் போட்டுப் பார்ப்போம். மே 15இல் அங்கே இறங்கி அக்டோபர் 16 வரை இருந்தால் சரியாக 155 நாள். ஐந்து வருடத்தில் 775. இரண்டு கணக்கும் நிறைகின்றன. அங்கே அது வெயிலும் வெளிச்சமும் உள்ள பருவம். மழை வலுக்கும்போது ஊருக்கு வந்துவிடலாம். பிள்ளையார் நோன்பு, பொங்கல், முன்னோருக்கு வைக்கும் படைப்பு எல்லாம் ஊரில்தான்.

இதில் பட்டறைக்கு ஒரு இழப்பு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆடியில் யாரும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், அந்த மாதம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆனால் வைகாசியும் ஆவணியும் அந்த 155 நாளுக்குள்தான் வருகின்றன. புதுவீட்டுக்காரர்கள் தரையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்துகிற மாதங்கள் அவை. அந்த நேரத்தில் வள்ளி இல்லாமல் பட்டறை ஓடுமா? ஓடாது என்றால் இந்தத் திட்டம் தாளில் மட்டும்தான் அழகு.

அப்புறம், இப்படி இருந்தால் குடியுரிமைக்கு வேண்டிய 1,095 நாள் சேராது. இரண்டு நாட்டு வரிக் கணக்கையும் பார்க்கத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் முன்கூட்டியே உட்கார வேண்டியிருக்கும். முத்துவுக்கும் இது எளிதில்லை. வருடத்தில் ஏழு மாதம் அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும், பனிக்காலம் முழுக்கத் தனியாக. அது அவர் செய்கிற தியாகம். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

"பட்டறையை விட்டால் என்ன, அங்கே வேறு வேலை கிடைக்காதா?"

வேலை கிடைக்கும். நீங்கள் இழப்பது என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

சில தொழில்கள் பெட்டியில் வைத்து எடுத்துப் போகக்கூடியவை. முத்துவின் தொழில் அப்படிப்பட்டது, மடிக்கணினி இருந்தால் போதும். சில தொழில்களுக்கு அங்கே போய் மறுபடி தேர்வு எழுதியோ உரிமம் வாங்கியோ ஆக வேண்டும், மருத்துவர், செவிலியர், ஆசிரியர் எல்லாம் அந்த வகை. வள்ளியின் தொழில் மூன்றாவது வகை. மண்ணோடும் ஆட்களோடும் ஒட்டியது.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, பின்பக்கம் கலவை அடைத்து, இறுகியபின் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் பட்ட முகம்தான் அந்த வழவழப்போடு வருகிறது. வண்ணத்தை எவ்வளவு தளர்த்த வேண்டும், அச்சை எப்போது தூக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கை வள்ளியிடம் மட்டும் இல்லை, அந்த ஆறு பேரிடமும் இருக்கிறது. பட்டறையை மூடிய மறுமாதமே அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று வருடம் கழித்து வள்ளி திரும்பி வந்தால் கொட்டகை இருக்கும், பட்டறை இருக்காது.

இருவரும் ஆளுக்கொரு வேலையை விடுகிறோம் என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. முத்து சென்னை வேலையை விட்டால் அதே போன்ற வேலை டொராண்டோவில் இருக்கிறது, திரும்பி வந்தால் சென்னையிலும் இருக்கிறது. வள்ளி விட்டால் அது முடிந்துவிடும். எடையே வேறு. இதை அவரிடம் பட்டறையில் நிற்க வைத்துச் சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

மூடாமல் இருக்க வழி உண்டா என்றால் உண்டு. ஆறு பேரில் மூத்தவரைக் கூட்டாளியாக்கி, லாபத்தில் அவருக்கு ஒரு பங்கு எழுதிக் கொடுப்பது. வெறும் சம்பளக்காரராக வைத்துவிட்டுப் போனால் வைகாசி அவசரத்தில் அவர் ஏன் இரவு விழிக்க வேண்டும்? கிளம்புவதற்கு முன் ஒரு வைகாசியை அவரே நடத்தட்டும், நீங்கள் பட்டறைப் பக்கமே போகாமல் இருந்து பாருங்கள். கல் எத்தனை திரும்பி வருகிறது, வசூல் எவ்வளவு நிற்கிறது என்பதில் விடை இருக்கும்.

"அப்பச்சி ஆத்தாவை அப்புறம் கூட்டிக்கலாம்னு சொல்றாரே?"

அந்த 'அப்புறம்' எப்படி என்று கேளுங்கள். பெற்றோரை நிரந்தரமாக வரவழைக்கும் திட்டம் கனடாவில் இருக்கிறது, ஆனால் கேட்கிற எல்லாருக்கும் இடம் கிடையாது. அழைப்பு வந்தவர்தான் விண்ணப்பிக்க முடியும். அதை நம்பி வீட்டைப் பூட்டக் கூடாது.

கைக்கு எட்டுவது 'சூப்பர் விசா'. அதில் ஒருமுறை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். அழைக்கிற பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் வேண்டும், பெற்றோருக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கான மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அப்பச்சிக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டில் என்ன தருவார்கள், என்ன தர மாட்டார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும். பணம் கட்டியபின் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. அவர்களுக்கு வர ஆசை இருக்கிறதா? காலையில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் பேசிப் பழகிய மனிதரைப் பத்தொன்பதாம் மாடியில் உட்கார வைத்தால் உடம்பு தேறினாலும் மனம் தேறாது. அப்பச்சியிடம் "நீங்க வருவீங்களா" என்று கேட்காதீர்கள், மகள் முகத்துக்காக "வர்றேன்" என்பார். "நான் அங்கே இருந்தால், உங்களுக்கு ராத்திரி முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவீங்க" என்று கேளுங்கள். அவர் சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதி. யோசித்தால், அந்தப் பெயரை ஏற்பாடு செய்த பிறகுதான் உங்கள் பயணம்.

என் ஆசைகளை நான் விட்டுக்கொடுக்கலாம், அது என்னுடையது. பெற்றோருக்குச் செலுத்த வேண்டியதைக் கணவருக்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அதில் இழப்பவர்கள் அவர்கள். தியாகம் என்று பேசும்போது யாருடைய பொருளைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

"வீட்டுப் பங்கும் படைப்பும் என்ன ஆகும்?"

இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டாம். கல்யாணம் ஆனதும் கணவரின் கோயிலில் நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். எந்த நாட்டில் இருந்தாலும் புள்ளி வரி கட்டினால் அது தொடரும். படைப்புக்கு வருடம் ஒருமுறை வந்து போகிறவர்கள் நிறையப் பேர். சிங்கப்பூரில் நம்மவர்கள் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயிலே கட்டிவிட்டார்கள், கடல் தாண்டினால் சாமி விட்டுவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. வீட்டுப் பங்கை மட்டும் அவசரத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். பராமரிப்புச் செலவில் உங்கள் பாகத்தைப் பங்காளிகளுக்கு வருடா வருடம் தவறாமல் அனுப்புங்கள்.

"நான் வரலேன்னு சொன்னால் அவர் கனவைக் கெடுத்தவளாக ஆகிவிட மாட்டேனா?"

"வரவில்லை" என்பதும் "போகாதீர்கள்" என்பதும் ஒன்றில்லை. முத்து முதலில் தனியாகப் போகலாம். விண்ணப்பத்தில் வள்ளியை 'உடன் வராத துணை' என்று காட்டலாம், மருத்துவப் பரிசோதனையும் முடித்து வைக்கலாம். பின்னால் வள்ளிக்குச் சம்மதம் என்றால், அங்கே வசிக்கும் முத்து அவளை ஸ்பான்சர் செய்து அழைக்கலாம். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மனைவி வரவில்லை என்பதற்காகவோ மதிப்பெண் கூடும் என்பதற்காகவோ, மனைவி இருப்பதையே விண்ணப்பத்தில் காட்டாமல் விடச் சொல்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பொய்யான தகவல் தந்தவராக ஆவார், பின்னால் அந்த மனைவியைக் குடும்ப வகையில் அழைக்கும் வழியும் பொதுவாக அடைபட்டுப்போகும். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் உங்கள் பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நீங்களே திரையில் பாருங்கள்.

"இப்போது சரி என்று சொல்லிவிட்டு, பின்னால் மனம் கசந்தால்?"

கசப்பு முதலில் வார்த்தையில் தெரியும். "உனக்காகத்தானே வந்தேன்" என்று சின்னச் சண்டையில் வாய் தவறி வரும். மின்கட்டணம் பற்றிய பேச்சில் பட்டறை உள்ளே வந்துவிடும். அவர் பக்கம் "உனக்காகத்தானே இவ்வளவு சம்பாதிக்கிறேன்" என்று வரும். இது இரண்டு மூன்று முறை வந்தால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்து பேசுங்கள்.

மனம் வந்து கொடுத்தது இப்படிச் சண்டையில் வராது. மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் கொடுத்ததுதான் வரும். அதனால் சம்மதம் சொல்லும் முன் "வேண்டாம்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதைச் சொல்லியும் வீடு இடியவில்லை என்றால், அதன்பின் சொல்கிற "சரி" உங்களுடையது.

"பிள்ளை பிறந்தால் இந்தக் கணக்கெல்லாம் நிற்குமா?"

155 நாள் கணக்கு, பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் வரைதான் நிற்கும். பள்ளியில் சேர்ந்துவிட்டால் மே மாதம் அங்கே, அக்டோபர் இங்கே என்று அலைய முடியாது. உண்மையான கெடு விசாவில் இல்லை, பிள்ளையின் முதல் வகுப்பில் இருக்கிறது. அங்கே பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே கனடாக் குடிமகனாகிவிடும், அதையும் நினைவில் வையுங்கள். எந்த ஊர்ப் பள்ளி என்பதைப் பிள்ளை பிறக்கும் முன்பே பேசிவிடுங்கள். பிறந்தபின் பேசினால் அவரவர் பக்கத்துக்குப் பிள்ளையைச் சாட்சிக்கு இழுப்போம்.

"வள்ளியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?"

நான் விண்ணப்பத்தில் சேருவேன். முதல் வருடம் முத்துவைத் தனியாக அனுப்பமாட்டேன், ஒரு மே மாதம் கூடப் போய் 155 நாளும் இருந்து பார்ப்பேன். அதற்கு முந்தைய வைகாசியை மூத்த ஆளிடம் கொடுத்துப் பட்டறை நிற்கிறதா என்று பார்த்திருப்பேன். நிற்கவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடச் சொல்வேன். அவர் அந்த ஒரு வருடத்தைத் தர மறுத்தால் எனக்கு விடை கிடைத்துவிடும்.

பழைய காலத்து மூன்று வருடக் கணக்கையே கேட்பேன். மூன்றாம் வருடம் பொங்கலுக்கு இருவரும் ஊரில் இருப்போம், அப்போது வளவில் உட்கார்ந்து தொடர்வதா திரும்புவதா என்று பேசுவோம், அதுவரை பட்டறையையும் பங்கையும் யாரும் தொடக்கூடாது. இதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அப்பச்சியின் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் விமானச்சீட்டு எடுப்பேன்.